மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்பு: கீட்டோ உணவா, ஆபரேஷனா? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் நரம்பியல் பிரிவு ஒன்றில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் மேஜைக்கு வரும் பெற்றோர் பாதி நேரம் உணவைப் பற்றிக் கேட்பார்கள், மீதி நேரம் ஆபரேஷனைப் பற்றிக் கேட்பார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை என்னிடம் கேட்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். மருத்துவ முடிவுகளைப் பற்றிய பதில்களை எங்கள் நரம்பியல் டாக்டர்களிடம் காட்டிச் சரிபார்த்தேன்.

ரெண்டு மருந்து கொடுத்தும் ஃபிட்ஸ் நிக்கலை. மூணாவது, நாலாவது மாத்திரையையும் பார்த்துட்டு வரோமே, என்ன அவசரம்?

கிளாஸ்கோவில் புதிதாக வலிப்பு கண்ட 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 100-க்கு 47 பேர். இரண்டாவது மருந்தில் இன்னும் 13 பேருக்கு நின்றது. அதற்குப் பிறகு மூன்றாவது மருந்தாலோ, மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தோ நின்றது வெறும் 4 பேருக்கு. அதனால்தான் சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, போதுமான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று உலக அளவிலேயே வரையறுத்திருக்கிறார்கள். நாலாவது மாத்திரையால் பலனே இருக்காது என்று சொல்லவில்லை, வலிப்பு குறையலாம். ஆனால் முழுக்க நிற்கும் என்று அதை மட்டும் நம்பி இரண்டு வருடம் ஓட்டிவிடக் கூடாது.

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். 'மருந்து கேட்கவில்லை' என்று வருகிற சில குழந்தைகளுக்கு, உண்மையில் மருந்து சரியாக உள்ளே போயிருக்காது. சிரப்பைக் குலுக்காமல் ஊற்றியிருப்பார்கள், பாட்டிலோடு வந்த அளவுக் குழாய் தொலைந்து வீட்டுக் கரண்டியில் கொடுத்திருப்பார்கள், எடை ஏறியும் அளவு பழையபடியே இருந்திருக்கும். சில வகை வலிப்பைச் சில மருந்துகள் அதிகப்படுத்தவும் செய்யும். வந்தது வலிப்புதானா என்பதிலேயே சந்தேகம் இருப்பதும் உண்டு. அதனால் குழந்தைக்கு வரும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்த இருபது விநாடி டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

கீட்டோ டயட்னா எடை குறைக்க யூடியூப்ல சொல்றாங்களே, அதுதானே?

பெயர் ஒன்று, அளவு வேறு. இந்த உணவு, வலிப்புக்கான சிகிச்சையாக 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தொடங்கியது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். பட்டினியில் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும், மூளை சர்க்கரைக்குப் பதில் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். பட்டினி போடாமலே அந்த நிலையை உண்டாக்குவதுதான் இந்த உணவு.

12 கிலோ எடையுள்ள, ஒரு நாளைக்கு 1000 கலோரி தேவைப்படும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் அந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு. புரதமும் மாவுச்சத்தும் சேர்த்தே 25 கிராம்தான். வளர்ச்சிக்காகப் புரதம் 15 கிராம் ஒதுக்கினால் மாவுச்சத்துக்கு மிச்சம் 10 கிராம். ஒரே ஒரு இட்லியில் அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். இதை நாலு வேளைக்குப் பிரித்தால், ஒரு வேளைக்கு அரை முட்டை, வேகவைத்த சுரைக்காய் ஒரு சின்னக் கை, அதோடு எண்ணெயும் நெய்யுமாக 22 கிராம், அதாவது சுமார் ஐந்து டீஸ்பூன். முதல் நாள் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கிற எந்த அம்மாவும் எண்ணெய் மிதக்கிறதே என்றுதான் சொல்வார். மிதக்கும்தான். முட்டையை எண்ணெயோடு அடித்துப் பொரியலாகச் செய்தால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கிண்ணத்தில் ஒட்டியதையும் வழித்துக் கொடுத்தால்தான் கணக்கு சரியாகும்.

பெரிய பிள்ளைகளுக்குத் தளர்வான ஒரு முறை உண்டு. மாவுச்சத்தை மட்டும் நாளைக்கு 10 கிராம் போல எண்ணிக்கொள்வார்கள். புரதத்தை நிறுக்க வேண்டாம், கொழுப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம். இதற்கு மாற்றியமைத்த அட்கின்ஸ் உணவு என்று பெயர். நம் ஊர்ச் சமையலறைக்கு இது நடைமுறையில் எளிது.

நெய்யும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து வீட்டிலேயே ஆரம்பிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கொழுப்பை எரிக்கும் வழியில் குறை இருக்கும். அவர்களுக்குச் சோற்றை நிறுத்திவிட்டுக் கொழுப்பை மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் தொடங்கும் முன் கார்னிட்டின் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகள், கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு அளவு எல்லாம் பார்ப்போம். முதல் சில நாட்களில் சர்க்கரை இறங்கலாம், வாந்தி வரலாம் என்பதால் சின்னக் குழந்தைகளைப் பெரும்பாலும் வார்டில் வைத்தே தொடங்குவோம்.

தொடங்கிய பிறகும் தனியாக விட முடியாது. சர்க்கரை சேர்க்காத விட்டமின், கால்சியம் தினமும் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். சில பேருக்குச் சிறுநீரகக் கல், கொழுப்பு கூடுதல், உயரம் வளர்வதில் தாமதம் வரும். டோபிரமேட் மாதிரியான மருந்தும் சேர்ந்து ஓடினால் கல் வரும் வாய்ப்பு கூடும். அதனால் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

டயட் எத்தனை பேருக்குக் கேக்கும்? எத்தனை நாள்ல தெரியும்?

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 145 குழந்தைகளைச் சீட்டுப்போட்டு இரு பிரிவாக்கிப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் உணவுப் பிரிவில் 100-க்கு 38 பேர், மருந்து மட்டும் தொடர்ந்த பிரிவில் 6 பேர். டெல்லி எய்ம்ஸில் 102 குழந்தைகளுக்கு அட்கின்ஸ் முறையை வைத்துச் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இதே கணக்கு உணவுப் பிரிவில் 100-க்கு 52, மற்ற பிரிவில் 11.5 என்று வந்தது. வலிப்பு முழுக்க நின்றவர்கள் அந்த உணவுப் பிரிவில் 100-க்கு 10 பேர்.

இதை நான் பெற்றோரிடம் இப்படித்தான் சொல்வேன்: குறைய நல்ல வாய்ப்பு உண்டு, முழுக்க நிற்கும் வாய்ப்பு குறைவு. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டுப் பேசுவோம். பலன் தெரிந்தால் பொதுவாக இரண்டு வருடம் தொடர்ந்து, பிறகு மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்குக் கொண்டுவருவோம். மூன்று மாதத்தில் எதுவும் மாறவில்லை என்றால் குழந்தையை அதில் கட்டிப்போட வேண்டாம்.

பாட்டி ஒரே ஒரு பிஸ்கட்தான் கொடுத்தாங்க. அதுல என்ன ஆயிடும்?

மேலே சொன்ன 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கான மாவுச்சத்து இரண்டரை கிராம். ஒரு சாதாரண பிஸ்கட் அதை மிஞ்சிவிடும். கீட்டோன் இறங்கும், அன்றே வலிப்பு திரும்பிய குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பாட்டியைத் திட்டி ஒன்றும் ஆகாது. அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தராசில் இரண்டரை கிராம் சர்க்கரையை அவர் கையாலேயே நிறுக்கச் சொல்வேன். அரை ஸ்பூனைக் கண்ணால் பார்த்தபின் பெரும்பாலான பாட்டிகள் என்னைவிடக் கறாராக இருந்திருக்கிறார்கள்.

பிஸ்கட்டைவிடப் பெரிய தொல்லை கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை. காய்ச்சல் சிரப், சளி சிரப், வலிப்பு சிரப் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். முடிந்தவரை மாத்திரையாக மாற்றிக் கேளுங்கள். வாந்திபேதி என்று வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், வழக்கம்போல டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஏற்றிவிடுவார்கள். ரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தால் ஒழிய, சர்க்கரை இல்லாத டிரிப்தான் வேண்டும். இதை எழுதிய ஒரு கடிதம் தருவோம், அதை எப்போதும் பையில் வைத்திருங்கள். இன்னொன்று: குழந்தை வாந்தியோடு மந்தமாகி வேகமாக மூச்சு வாங்கினால் கீட்டோன் அளவுக்கு மீறி ஏறியிருக்கலாம். உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷன்னா மூளையை வெட்டி எடுத்துடுவாங்களா? எல்லாக் குழந்தைக்கும் செய்யலாமா?

வலிப்பு எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தை எடுப்பது ஒரு வகை. எடுக்காமல் மற்ற பகுதியோடு உள்ள இணைப்பை மட்டும் துண்டிப்பது இன்னொரு வகை. மூளையின் ஒரு பாதி முழுவதும் பழுதாகி, அங்கிருந்தே வலிப்பு கிளம்பினால், அந்தப் பாதியைத் துண்டிக்கும் ஆபரேஷன் உண்டு. பெயர் ஹெமிஸ்பெரோடமி. நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. வேலூர் சி.எம்.சி-யில் ஜேக்கப் சாண்டி 1950-களிலேயே வலிப்புக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் நடக்கிறது.

எல்லோருக்கும் செய்ய முடியாது. இரண்டு கேள்விக்கு விடை வேண்டும்: வலிப்பு ஒரே இடத்திலிருந்துதான் வருகிறதா? அந்த இடத்தை எடுத்தால் பேச்சு, கை, பார்வை எவ்வளவு போகும்? இதற்காகத்தான் சில நாள் வார்டில் வைத்து வீடியோ இஇஜி எடுப்பது, 3 டெஸ்லா எம்ஆர்ஐ எடுப்பது, தேவைப்பட்டால் பெட் ஸ்கேன், உளவியல் சோதனை எல்லாம். இந்தச் சோதனைகளுக்குச் சம்மதித்தால் ஆபரேஷனுக்குச் சம்மதித்த மாதிரி என்று நினைத்துப் பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. சோதனை முடிந்தபின் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதல்ல டயட், அது கேக்கலைன்னா கடைசியா ஆபரேஷன். இதுதானே முறை?

இந்த எண்ணத்தால்தான் குழந்தைகள் அதிக வருடங்களை இழக்கிறார்கள். நான் உணவுக்காரி, இருந்தாலும் சொல்கிறேன்: இவை இரண்டும் ஒரே ஏணியின் இரண்டு படிகள் இல்லை. எதை முதலில் எடுப்பது என்பதைக் காரணம்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேனில் ஒரே இடத்தில் தழும்போ, பிறவியிலேயே தவறாக அமைந்த திட்டோ இருந்து, இஇஜியும் அதையே காட்டினால், அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன்தான் முன்னால் நிற்கும். முழுக்க நிற்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். எய்ம்ஸில் 18 வயது வரையிலான 116 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 77 பேருக்கு வலிப்பு இல்லை. மருந்தோடு காத்திருந்தவர்களில் அது 7.

மறுபக்கம், மூளைக்குச் சர்க்கரையைக் கடத்தும் புரதத்தில் குறையுள்ள குளூட்-1 நோயில் இந்த உணவுதான் முதல் சிகிச்சை. அங்கே ஆபரேஷனுக்கு வேலையே இல்லை. சாப்பிடும் முன் வலிப்பு அதிகமாக வருவதும், ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் முதுகுத்தண்டு நீரில் சர்க்கரை குறைந்திருப்பதும் அதன் அடையாளம். பிறந்த சில நாளில் சர்க்கரை இறங்கி மூளையின் பின்பக்கம் இரு புறமும் பழுதான குழந்தைகளையும் நம் ஆஸ்பத்திரிகளில் நிறையப் பார்க்கிறோம். பழுது இரு பக்கமும் இருப்பதால் எடுக்க ஒரு தனி இடம் கிடைப்பது அரிது, அங்கேயும் உணவு முன்னால் வரும். அதனால் இரண்டாவது மருந்து தோற்றதுமே ஆபரேஷன் சாத்தியமா என்று பார்த்துவிடுங்கள். சோதனைக்குக் காத்திருக்கும் மாதங்களில் உணவை நடத்தலாம்.

டயட்லயே பாதி குறைஞ்சிருச்சு. அப்புறமும் ஆபரேஷன் எதுக்கு?

ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மூன்றரை வயது, 12 கிலோ. மேலே போட்ட கணக்கு அவனுடையதுதான். பிறக்கும் முன்போ பிறந்த சமயத்திலோ மூளையின் இடப்பக்க ரத்தக் குழாய் அடைத்து, இடது பாதியில் பெரிய குழிவு. வலது கை விரல்கள் பிறந்ததிலிருந்தே பிடிக்காது, நடப்பது கொஞ்சம் இழுத்து. மூன்று மருந்துகள் கொடுத்தும் நாளைக்குப் பன்னிரண்டு வலிப்பு. உணவு தொடங்கி மூன்று மாதத்தில் ஐந்தானது. கண்ணைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். அவன் அம்மா கேட்டதுதான் இந்தக் கேள்வி.

டாக்டரும் நானும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஆபரேஷனில் போகக்கூடியவை: வலது விரல்களின் நுண்ணசைவு, வலப்பக்கப் பார்வை. விரல் அசைவு ஏற்கனவே இல்லை. பரிசோதித்துப் பார்த்தபோது வலப்பக்கப் பார்வையும் ஏற்கனவே இல்லை என்று தெரிந்தது. பேச்சு? இடது பாதி பிறப்பை ஒட்டியே பழுதானதால், பேசுகிற கொஞ்சமும் வலது பாதியிலிருந்துதான் வருகிறது என்று சோதனைகள் காட்டின. அப்படியானால் இழப்பதற்கு மிச்சம் கொஞ்சம்தான். ஆபரேஷன் செய்யாவிட்டால் தொடர்வது: நாளைக்கு ஐந்து வலிப்பு, அவை நல்ல பாதியையும் தொந்தரவு செய்யும், வலிப்பிலேயே திடீரென்று உயிர் போகும் சிறு ஆபத்தும் கூடவே இருக்கும். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துச் சரி என்று வந்தார்கள்.

ஹெமிஸ்பெரோடமி நடந்தது. ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது, வலது கால் முன்பைவிடத் தளர்ந்தது, ஆறு வாரத்தில் காலுக்குத் தாங்கு பட்டை மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தான். பதினான்கு மாதமாக வலிப்பு இல்லை. இப்போது ஒரு மருந்து குறைந்திருக்கிறது. இட்லியும் சாப்பிடுகிறான்.

கை கால் போயிடும்னு பயமா இருக்கு. டாக்டர் நிச்சயமா சொல்ல மாட்டேங்கிறாரே?

நிச்சயம் என்று சொல்கிற டாக்டரைத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். மேலே சொன்ன எய்ம்ஸ் ஆய்வில் 57 ஆபரேஷன் குழந்தைகளில் 19 பேருக்குப் பெரிய பாதிப்பு என்று பதிவானது. அதில் 15 பேருக்கு ஒருபக்க பலவீனம். ஒரு பாதியைத் துண்டிக்கும் ஆபரேஷன்களில் இது எதிர்பார்த்து, முன்கூட்டியே சொல்லிச் செய்வது. எதிர்பாராத ரத்தப்போக்கு, தொற்று, மூளையில் நீர் தேங்கிக் குழாய் வைக்க வேண்டிய நிலை ஆகியவையும் உண்டு.

எல்லாக் கணக்கும் ஆபரேஷன் பக்கமே சாய்வதில்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு, தவறாக அமைந்த திட்டு பேச்சு இடத்தை ஒட்டி இருந்தது. அந்த வயதில் பேச்சு மறுபாதிக்கு இடம் மாறுவது கடினம். நன்றாகப் பேசுகிற, படிக்கிற குழந்தை. வலிப்பு மாதத்துக்கு மூன்று, அதுவும் தூக்கத்தில். பெற்றோர் அட்கின்ஸ் உணவைத் தேர்ந்தெடுத்தார்கள், டாக்டரும் ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால் இரண்டு குடும்பமும் சரியாகத்தான் முடிவு செய்தன.

எம்ஆர்ஐ நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்போ ஆபரேஷனுக்கு வழியே இல்லையா?

எந்த எம்ஆர்ஐ என்று முதலில் கேளுங்கள். அவசரத்தில் எடுத்த சாதாரண ஸ்கேனில் சின்னத் திட்டுகள் தப்பிவிடும். வலிப்புக்கென்றே மெல்லிய துண்டுகளாக எடுக்கும் முறை வேறு. குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் எடுத்திருந்தால், மூளையின் வெள்ளைப் பகுதி முதிரும் பருவமாதலால் திட்டு மறைந்துபோயிருக்கலாம். இரண்டரை, மூன்று வயதில் மறுபடி எடுத்தபோது தெரிந்தவை உண்டு. இஇஜி ஓரிடத்தைக் காட்டினால், அந்த இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பழைய படத்தையே மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

அப்படியும் எதுவும் இல்லை, இஇஜியிலும் பல இடத்திலிருந்து வருகிறது என்றால், மரபணுப் பரிசோதனையும் உணவும்தான் அடுத்தது. நின்றபடியே தொப்பென்று விழுந்து மண்டை உடைகிற குழந்தைகளுக்கு, இரு பாதிக்கும் நடுவிலுள்ள பாலத்தை வெட்டும் ஆபரேஷன் உண்டு. அது வலிப்பை நிறுத்துவதற்காகச் செய்வதில்லை, அந்த விழுதலைக் குறைப்பதற்காக.

ஆபரேஷன் ஆயிடுச்சு, ஃபிட்ஸும் இல்லை. மாத்திரையை நாளைக்கே நிறுத்திடலாமா?

வேண்டாம். எத்தனை மாதத்தில் குறைக்கத் தொடங்குவது என்பது எதை எடுத்தார்கள், முழுக்க எடுத்தார்களா, பிறகு எடுத்த இஇஜி எப்படி என்பதைப் பொறுத்தது. ஒரு மருந்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள். உணவும் அப்படியே. விகிதத்தை நான்கிலிருந்து மூன்று, இரண்டு என்று வாரக்கணக்கில் இறக்குவோம். ஒரே நாளில் சோறு போட்டால் வலிப்பு பாய்ந்து வரலாம்.

எனக்குச் சம்மதம். வீட்டுக்காரரும் மாமியாரும் வேண்டாங்கறாங்க. என்ன பண்றது?

'ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா' என்று வீட்டில் பேசினால் சண்டைதான் வரும். ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை வலிப்பு, எவ்வளவு நேரம், விழுந்தானா, பிறகு எவ்வளவு நேரம் தூங்கினான். அதை மாமியாரையே எழுதச் சொல்லுங்கள். பகலில் குழந்தையோடு இருப்பவர் பெரும்பாலும் அவர்தான். வீட்டில் இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது நோட்டில் ஏழாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை மூவருமாக வந்து டாக்டரிடம் இந்த நான்கை மட்டும் கேளுங்கள். வலிப்பு எங்கிருந்து வருகிறது? என் குழந்தைக்கு அது முழுக்க நிற்கும் வாய்ப்பு ஆபரேஷனில் எவ்வளவு, டயட்டில் எவ்வளவு? ஆபரேஷனில் புதிதாக எதை இழப்பான், அதில் ஏற்கனவே இழந்தது எது? ஒரு வருடம் தள்ளிப்போட்டால் எது மாறும்? பதில்களைத் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.